டாரின், குவாரனா: டப்பாவுக்குள் உண்மையில் வேலை செய்வது எது?

"சார், என் மகனுக்கு 23 வயது. அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறான். அதிகாலை இரண்டரை மணிக்கு எழுந்து ஒரு டப்பா எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறான். இப்போது காலை ஒன்பது மணிக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டப்பாவில் டாரின், குவாரனா என்று போட்டிருக்கிறது. டாரின் காளை மாட்டிலிருந்து எடுப்பது, இதயத்தைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். குவாரனா மூலிகைதான், காபியைப் போல் இல்லை, மெதுவாக வேலை செய்யும் என்று மகன் சொல்கிறான். ஜிம்முக்குப் போகும் அவன் நண்பன் குவாரனா மாத்திரையும் கொடுத்திருக்கிறான். இந்த இரண்டும் உடம்பில் என்ன செய்கின்றன?"

பக்கத்து வீட்டுக்காரரின் பயமும் உங்கள் மகனின் தைரியமும் இடம் மாறி நிற்கின்றன. அவர் பயப்படும் டாரின், டப்பாவில் உள்ள அளவில், ஏறத்தாழ ஒரு சாது. மகன் மூலிகை என்று நம்பும் குவாரனாதான் கணக்கில் வைக்கவேண்டிய பொருள், ஏனென்றால் அதற்குள் இருப்பது காஃபீன். நான் மருந்தியல் கற்பிப்பவன். இந்தக் கேள்வி மாணவர்களிடமிருந்தும் அடிக்கடி வருகிறது, பெரும்பாலும் இதே தலைகீழ் வடிவத்தில்தான்.

முதலில் காளைக் கதையை முடித்துவிடுவோம். 1827ஆம் ஆண்டு டீடெமான், க்மெலின் என்ற இரண்டு ஜெர்மானிய அறிவியலாளர்கள் காளையின் பித்தநீரிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். காளைக்கு லத்தீனில் உள்ள சொல்லே அதற்குப் பெயராயிற்று. அது காளையின் விந்து, விரை என்று சொல்லப்படும் கதைகளெல்லாம் இந்தப் பெயரிலிருந்து கிளம்பியவை. இன்று டப்பாக்களில் சேர்க்கப்படும் டாரின் தொழிற்சாலையில் வேதிமுறையில் தயாரிக்கப்படுகிறது. மாட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நம் உடம்புக்கு டாரின் அந்நியப் பொருளும் அல்ல. கல்லீரல் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இதயத் தசை, எலும்புத் தசை, விழித்திரை, மூளை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கிலோவுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில், 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் சுமார் 60 கிராம் டாரின் இருக்கலாம். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களோடு சேர்வது, செல்லுக்குள் நீரின் அளவைச் சீராக வைப்பது, இதயத் தசையில் கால்சியம் போய்வருவதை ஒழுங்குபடுத்துவது ஆகியவை அதன் வேலைகள். பூனைக்கு இதைப் போதிய அளவில் தயாரிக்கத் தெரியாது. அதனால் டாரின் இல்லாத உணவைத் தின்ற பூனைகளுக்குப் பார்வை போனதும், இதயம் வீங்கித் தளர்ந்ததும் 1970களிலும் 80களிலும் கண்டுபிடிக்கப்பட்டன. பூனைத் தீவனத்தில் இன்று டாரின் சேர்ப்பது அதனால்தான். மனிதனுக்கு அந்தக் கவலை இல்லை.

உணவிலிருந்தும் டாரின் வருகிறது. செடி கொடிகளில் அது அநேகமாக இல்லை. மீனிலும் இறைச்சியிலும் உண்டு. மிக அதிகம் இருக்கும் உணவுகளில் ஒன்று நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். இனயம், குளச்சல், கடியப்பட்டணம் பாறைகளில் மூழ்கி எடுத்து வருகிறார்களே, அந்தச் சிப்பி. வேகவைக்காத சிப்பி இறைச்சியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 650 மில்லிகிராம் டாரின் அளக்கப்பட்டிருக்கிறது. 250 மில்லி டப்பா ஒன்றில் வழக்கமாக 1,000 மில்லிகிராம் சேர்க்கிறார்கள். அதாவது சிப்பி வறுவலை ஒரு தட்டு கட்டிப் பார்த்தவர், டப்பாவில் உள்ள டாரினுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே வந்து போயிருக்கிறார். வேகவைத்தால் அது தண்ணீரில் இறங்கும் என்பதால் குழம்பு வைத்தவர் குழம்பையும் ஊற்றிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். சிப்பி தின்ற இரவில் யாருக்கும் தூக்கம் கலைந்ததாகவும் நெஞ்சு படபடத்ததாகவும் நான் கேட்டதில்லை.

அப்படியானால் அதைச் சேர்ப்பதால் பயன்தான் என்ன? இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். பயன் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்று முதல் ஆறு கிராம் வரை டாரினைக் கொடுத்து, ஓட்டம், மிதிவண்டி போன்ற நீண்ட உழைப்பில் சோதித்த பத்து ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. தாக்குப்பிடிக்கும் திறன் சிறிது கூடியதாக அது காட்டியது. ஆனால் அளவைக் கூட்டினால் பயனும் கூடவில்லை. உண்மையான மருந்து என்றால் பொதுவாக அளவுக்கும் விளைவுக்கும் ஒரு தொடர்பு தெரியும். அது தெரியாதபோது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடுகிறது.

அந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்க்கும் இன்னொரு சோதனை 2008இல் நடந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து கிராம் டாரினை ஏழு நாட்கள் விழுங்கச் செய்து, தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து அளந்து பார்த்தார்கள். இரத்தத்தில் டாரின் பல மடங்கு ஏறியிருந்தது. தசைக்குள்ளோ அளவு மாறவே இல்லை. ஏற்கெனவே நிறைந்திருக்கும் தசை, வாசலுக்கு வந்ததை உள்ளே விடவில்லை. மிச்சமானதைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடுகிறது. விழுங்கிய டாரின் ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, அதன் பின் மணிக்கு மணி பாதியாகக் குறைகிறது. இரண்டரை மணிக்குக் குடித்தது விடிவதற்குள் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும்.

மூளையைச் சுறுசுறுப்பாக்கும் என்ற விளம்பரத்தைப் பொறுத்தவரை, காஃபீனையும் டாரினையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், களைப்பு குறைந்ததும் கவனம் கூடியதும் காஃபீன் கொடுத்தபோதுதான் நிலையாகத் தெரிந்தன. டாரினால் வந்த மாற்றங்கள் ஒரு தேர்வில் நல்லதாகவும் இன்னொன்றில் கெட்டதாகவும் இருந்தன. இரத்தத்தில் ஏறும் டாரின் மூளைக்குள் எளிதில் நுழைவதும் இல்லை.

இதயத்தைக் கெடுக்கும் என்பதற்கு, டாரினைத் தனியாக எடுத்துக்கொண்டால், ஆதாரம் எதிர்ப்பக்கம்தான் சாய்கிறது. இரத்த அழுத்தம் எல்லையில் இருந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்த ஒரு சோதனையில் மேல் அழுத்தம் சராசரியாக ஏழு புள்ளி குறைந்தது. ஜப்பானில் இதயத் தளர்ச்சி நோயாளிகளுக்கு இதை மருந்தாகவே கொடுக்கிறார்கள். பிரான்ஸ் நாடு டாரின் கலந்த பானங்களை நெடுநாள் தடுத்துவைத்திருந்து 2008இல்தான் அனுமதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல், லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் வரை உள்ள டாரினால் கவலைப்பட ஏதுமில்லை என்று முடிவு சொன்னது. 250 மில்லிக்கு 1,000 என்பது கச்சிதமாக அந்த அளவுதான். நம் நாட்டு விதியில் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு இருக்கிறது.

டாரின் ஆயுளைக் கூட்டும் என்ற செய்தியையும் யாராவது உங்களுக்கு அனுப்பியிருக்கக்கூடும். 2023இல் வெளியான ஆய்வில் டாரின் கொடுத்த எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. வயதாக ஆக இரத்தத்தில் டாரின் குறைகிறது, அதுவே மூப்புக்கு ஒரு காரணம் என்றது அந்தக் கட்டுரை. 2025இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்கு அது குறையவே இல்லை, சிலருக்குக் கூடியிருந்தது. அதே ஆண்டில் வந்த மற்றொரு ஆய்வு, இரத்தப் புற்றுநோய் செல்கள் எலும்பு மஜ்ஜையில் உள்ள டாரினை உறிஞ்சி வளர்கின்றன என்று எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் காட்டியது. டப்பா குடிப்பதால் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர் டாரின் மாத்திரையை ஆயுள் மருந்தென்று வாங்கி விழுங்கவேண்டாம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். டாரினைப் பற்றி இவ்வளவு போதும்.

குவாரனா அப்படி அல்ல. இது அமேசான் காட்டில் படரும் ஒரு கொடி. நம் வேலியில் ஏறிக் கிடக்கும் முடக்கத்தானின் நெருங்கிய உறவு; குலசேகரம் சாலையோரம் குவித்து விற்கிறார்களே, அந்த ரம்புட்டானும் இதே குடும்பம்தான். பழம் சிவப்பு. வெடித்தால் உள்ளே வெள்ளைச் சதையும் கறுப்பு விதையும் சேர்ந்து ஒரு கண் நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும். பிரேசிலின் மாவெஸ் பகுதியில் வாழும் சதேரே மாவே மக்கள் அந்த விதையை வறுத்து, இடித்து, மாவாகப் பிசைந்து, குச்சிபோல் உருட்டிக் காயவைப்பார்கள். வேண்டும்போது பிரருக்கு என்ற பெரிய ஆற்றுமீனின் எலும்பு நாக்கில் அந்தக் குச்சியை உரசி, தூளைத் தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். மீன் நாக்கையே துருவலகாகப் பயன்படுத்தியவர்கள்! நம் கடற்கரையில்கூட அந்த யோசனை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

காட்டில் நெடுந்தூரம் நடக்கவும் பசியைத் தாங்கவும் அவர்கள் இதைக் குடித்தார்கள் என்பதைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகித்துவிடலாம். 1826இல் மார்ட்டியஸ் என்ற ஜெர்மானியர் அந்த விதையிலிருந்து ஒரு வெள்ளைப் பொருளைப் பிரித்து அதற்குக் குவாரனீன் என்று பெயர் வைத்தார். சில ஆண்டுகளில் அது காபிக்கொட்டையில் உள்ள காஃபீனேதான் என்று தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் இன்றுவரை சில டப்பாக்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. குவாரனீன் என்று எங்கே பார்த்தாலும் காஃபீன் என்றே படியுங்கள்.

அளவில்தான் சேதி இருக்கிறது. காபிக்கொட்டையில் காஃபீன் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை. குவாரனா விதையில் பொதுவாக இரண்டு முதல் ஏழு சதவீதம் வரை. எந்தக் காட்டு விதையைவிடவும் இது அதிகம் என்றே சொல்லலாம். கூடவே தேயிலையில் இருப்பதைப் போன்ற துவர்ப்புப் பொருள்களும், மிகச் சிறிய அளவில் காஃபீனின் உறவுக்காரப் பொருள்கள் இரண்டும் உண்டு.

மெதுவாக வேலை செய்யும் என்று மகன் சொல்வது இந்தத் துவர்ப்புப் பொருள்களிலிருந்து வந்த வாதம். காஃபீன் அவற்றோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும் என்பார்கள். அந்த ஒட்டு வலுவில்லாதது. வயிற்றில் இறங்கியதும் விட்டுவிடுகிறது. சோதித்துப் பார்த்தபோது குவாரனாவின் காஃபீன் மற்ற காஃபீனைப் போலவேதான் உறிஞ்சப்பட்டது. டப்பா பானத்தில் அது ஏற்கெனவே தண்ணீரில் கரைந்தும் கிடக்கிறது. அதில் மெதுவாக என்ற பேச்சுக்கு இடம் ஏது?

அதற்காகக் குவாரனா வெறும் காஃபீன்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிடவும் மாட்டேன். 2007இல் ஒரு சிறு குழுவினருக்கு நான்கு வெவ்வேறு அளவுகளில் குவாரனாச் சாரம் கொடுத்து நினைவாற்றலைச் சோதித்தார்கள். 75 மில்லிகிராம் சாரம் பெற்றவர்களுக்கு உள்ளே போன காஃபீன் பத்து மில்லிகிராமுக்கும் குறைவு, ஒரு கட்டன் சாயாவில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது. அதிக அளவு பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகச் செய்தார்கள். துவர்ப்புப் பொருள்கள் ஏதோ செய்யக்கூடும் என்று இதைக் காட்டுகிறார்கள். இருக்கலாம். இந்தச் சிறு சோதனையை வைத்துக்கொண்டு டப்பாவில் உள்ள குவாரனாவுக்கு மூளை மருந்து என்று பட்டம் கட்ட நான் தயாரில்லை.

இனி உங்கள் மகனின் கணக்குக்கு வருகிறேன். இந்திய விதிப்படி இந்தப் பானங்களுக்குச் சட்டத்தில் உள்ள பெயர் காஃபீன் பானம் என்பதுதான். லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 300க்கு மேற்படாமலும் காஃபீன் இருக்கவேண்டும். முக்கியமானது அடுத்த வரி: எந்த மூலத்திலிருந்து வந்தாலும் மொத்தக் காஃபீன் அந்த வரம்புக்குள் அடங்கவேண்டும். ஆகவே இந்தியாவில் தயாரித்து முறைப்படி விற்கும் 250 மில்லி டப்பாவில், குவாரனாவிலிருந்து வருவதையும் சேர்த்து, 75 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும், குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள், விளையாட்டு வீரர்கள் குடிக்கவேண்டாம் என்றும் அச்சிட்டிருக்கவேண்டும். டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்.

காஃபீன் ஆரோக்கியமான இளைஞர் உடம்பில் சுமார் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். மகன் இரண்டரை மணிக்கு ஒரு டப்பா, பால்வெட்டு முடிந்து ஆறு மணிக்கு ஒரு சாயா, ஒன்பது மணிக்கு இரண்டாவது டப்பா, மாலை நான்கு மணிக்கு இன்னொரு சாயா என்று வைத்துக்கொள்வோம். டப்பா 75, சாயா 40 என்றால் நாள் முழுவதுக்கும் 230 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவருக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன வரம்பு ஒரே நேரத்தில் 200, நாளுக்கு 400. ஆகவே மொத்தத்தைப் பார்த்தால் பதற ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டரை மணிக்கு எழுகிறவன் இரவு ஒன்பது மணிக்காவது படுக்கவேண்டும். அந்த நேரத்தில் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்? விடியற்காலை டப்பாவிலிருந்து ஆறு, முதல் சாயாவிலிருந்து ஐந்து, இரண்டாவது டப்பாவிலிருந்து பதினான்கு, மாலைச் சாயாவிலிருந்து இருபது. கூட்டினால் 45. அதாவது ஒரு முழு சாயாவைக் குடித்துவிட்டு அந்த நிமிஷமே படுப்பதற்குச் சமம். தூக்கம் வரும், ஆனால் ஆழமாக இருக்காது. இரண்டரை மணிக்கு மீண்டும் கண் எரியும். மீண்டும் டப்பா. இரண்டாவது டப்பா எப்படி உள்ளே நுழைந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். அவனுடைய சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மதியத் தூக்கத்தை மறந்துவிடக்கூடாது. பால் எடுத்து, ஷீட் அடித்துவிட்டு வந்து மதியம் ஒரு மணிக்குப் படுப்பது பால்வெட்டுக்காரர்களின் பழைய வழக்கம். ஒன்பது மணி டப்பாவில் பாதிக்கு மேல் அப்போது இரத்தத்தில் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத் தூக்கமும் போகிறது. அவனை நிறுத்தச் சொல்வதென்றால் இரண்டரை மணி டப்பா இருக்கட்டும், ஒன்பது மணி டப்பாவை நிறுத்தச் சொல்லுங்கள். இளைஞர்களிடம் முழுவதையும் விடு என்றால் எதையும் விடமாட்டார்கள் என்பது என் அனுபவம்.

சர்க்கரையையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை சேர்த்த 250 மில்லி டப்பாவில் பெரும்பாலும் 25 கிராமுக்கு மேல் இருக்கும், ஐந்து தேக்கரண்டிக்குக் குறையாது. வீட்டில் நீரிழிவு இருந்தால் டாரினைவிட இதைப் பற்றித்தான் சண்டை போடவேண்டும்.

நண்பன் கொடுத்த மாத்திரை விஷயம் வேறு. இங்கேதான் எனக்கு உண்மையில் கவலை. மேலே சொன்ன 75 மில்லிகிராம் வரம்பு பானத்துக்கு உரியது. மாத்திரைப் புட்டியில் குவாரனா 500 மில்லிகிராம் என்று மட்டும் இருந்தால் அதைக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அது வெறும் விதைத் தூள் என்றால், நான்கு சதவீதக் கணக்கில் 20 மில்லிகிராம் காஃபீன். அரைச் சாயா. அதே 500 மில்லிகிராம் 22 சதவீதத்துக்குச் செறிவூட்டிய சாரம் என்றால் 110 மில்லிகிராம். ஒன்றரை டப்பா. இரண்டும் ஒரே நிறத்துத் தூள்தான், ஒரே அளவு மாத்திரைதான். புட்டியில் தூளா சாரமா என்பதையும், சாரம் என்றால் எத்தனை சதவீதம் என்பதையும் தேடுங்கள். இரண்டும் எழுதாத புட்டியைக் குப்பையில் போடலாம். இரண்டரை மணி டப்பாவோடு இந்தச் சார மாத்திரை இரண்டைப் போட்டால் 295 மில்லிகிராம் ஒரே மூச்சில் உள்ளே போகிறது. ஒரு வேளைக்கான வரம்பில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அதுவும் வெறும் வயிற்றில்.

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் பெரிய டப்பாக்களிலும் இதே சிக்கல் உண்டு. அரை லிட்டரை எட்டும் அளவில் 160, 240 மில்லிகிராம் காஃபீன் உள்ளவை அவற்றில் உண்டு. அமெரிக்காவில் காஃபீன் எவ்வளவு என்று டப்பாவில் எழுதவேண்டிய கட்டாயமே இல்லை. வளைகுடாவிலிருந்து வீடு திரும்புகிறவர் பெட்டியில் இந்த டப்பாக்கள் வருவது நம் ஊரில் புதிதல்லவே.

அளவு கூடினால் எப்படித் தெரியும்? உங்கள் மகனுக்கு அது முதலில் கையில்தான் தெரியும். பால்வெட்டுக் கத்தி பட்டையை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிக்கொண்டு போகவேண்டும். தடிக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டை மிச்சம் இருக்கும். அதைத் தாண்டினால் வளரும் படலம் அறுபட்டு மரத்தில் காயம் விழும். புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக முளைக்கும். அடுத்த முறை அந்தப் பக்கத்தில் கத்தி ஓடாது. தலைவிளக்கு வெளிச்சத்தில் இதைச் செய்கிறவனுக்கு விரல் நடுக்கம் என்பது வருமானத்தைத் தொடும் சமாசாரம். சமீபமாக மரத்தில் காயம் அதிகம் விழுகிறதா என்று அவனிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அந்தக் காயங்கள் மாத்திரை போட்ட நாட்களில் விழுந்தவையா என்று அவனே யோசிக்கட்டும். நான் சொல்லும் புள்ளிவிவரத்தைவிட அது அவனுக்கு உறைக்கும். நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், வயிற்றுப் புரட்டல், மதியம் படுத்தால் கண் மூடாதது ஆகியவை அடுத்த அடையாளங்கள்.

ஒரே அளவு எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைச் சில மருந்துகள் முடக்கிவிடும். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் அடிக்கடி எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் அவற்றில் ஒன்று. அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் வழக்கமான டப்பாவே இரட்டிப்பு நேரம் உடம்பில் தங்கக்கூடும். புகை பிடிப்பவர்களுக்கு நேர்மாறாக அது சீக்கிரம் கரையும். அவர்கள் புகையை விட்ட வாரத்தில், அதே அளவு காபி திடீரென்று படபடப்பைக் கொடுப்பது இதனால்தான்.

கடைசியாக, பக்கத்து வீட்டுக்காரரின் பயத்துக்கு நியாயம் செய்யவேண்டும். டாரின் தனியாக இதயத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை என்றேன். காஃபீனும் அளவோடு இருந்தால் பெரும்பாலானோருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் எல்லாம் கலந்த பானம் அப்படியே நடந்துகொள்கிறதா? 2017இல் 18 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஏறத்தாழ ஒரு லிட்டர் எனர்ஜி டிரிங்கை ஒரு நாளும், அதே 320 மில்லிகிராம் காஃபீன் மட்டும் உள்ள பானத்தை இன்னொரு நாளும் கொடுத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் ஒரு துடிப்புக்குப் பின் மின்னளவில் மீண்டும் தயாராக எடுக்கும் நேரம், எனர்ஜி டிரிங்க் குடித்த நாளில், இரண்டு மணி நேரம் கழித்து, பத்து மில்லி செகண்ட் கூடியிருந்தது. காஃபீன் மட்டும் குடித்த நாளில் அது இல்லை. 2019இல் 34 பேரை வைத்து, காஃபீன் இல்லாத போலிப் பானத்தோடு ஒப்பிட்டுச் செய்த இன்னொரு சோதனையிலும் அந்த நேரம் ஆறு முதல் எட்டு மில்லி செகண்ட் வரை கூடியது.

பத்து மில்லி செகண்ட் என்பது நல்ல இதயத்துக்கு ஒன்றுமில்லை. சில குடும்பங்களில் பிறவியிலேயே இந்த நேரம் நீண்டிருக்கும். அவர்களுக்கு அதற்கு மேல் எந்த நீட்சியும் ஆபத்து, துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழலாம். டப்பாவில் எந்தப் பொருள் இதைச் செய்தது, டாரினா, வேறொன்றா, எல்லாம் சேர்ந்தா என்பதைப் பிரித்துச் சொல்ல அந்தச் சோதனைகள் போதாது. சோதித்தது ஒரு லிட்டர், உங்கள் மகன் குடிப்பது கால் லிட்டர் என்பதையும் மறக்கவேண்டாம்.

எனவே வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்கள் குடும்பத்திலோ மனைவியின் குடும்பத்திலோ நாற்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்ததுண்டா? நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் குளத்தில் மூழ்கியதுண்டா? மகன் ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்ததுண்டா? ஒன்றுக்காவது ஆம் என்றால், இந்த டப்பாவை இன்றே நிறுத்திவிட்டு ஒரு இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் அதிகாலை டப்பா ஒன்றோடு அவன் இருக்கட்டும், மாத்திரை வேண்டாம்.

எப்போதாவது படபடப்பு அடங்காமல் தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் தோட்டத்திலேயே உட்கார்ந்து ஆறட்டும் என்று காத்திருக்கவேண்டாம். பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோகும்போது காலி டப்பாவையும் மாத்திரைப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மூலிகைதானே என்று நினைத்து குவாரனாவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் கேட்பது மருந்து சாப்பிட்டாயா என்பதால் பையனும் இல்லை என்றே பதில் சொல்லுவான்.